பக்கத்து உலையின் புகை

கணபதி பகுதியில் எங்கள் சந்துக்குள் இரண்டு பவுண்டரிகள் இருந்தன. ஒரே நீளக் கொட்டகை, நடுவில் ஒரு செங்கல் சுவர். கிழக்குப் பாதி என்னுடையது. மேற்குப் பாதி என் சகலை அருள்குமாருடையது. நான் மூத்தவளைக் கட்டியவன், அவன் இளையவளைக் கட்டியவன். மாமனார் கிணத்துக்கடவில் தென்னந்தோப்பு வைத்திருந்தவர். மூத்த மகளுக்குச் சென்னியம்மாள் என்று குலதெய்வத்தின் பெயரை வைத்துவிட்டு, எட்டு வருஷம் கழித்துப் பிறந்தவளுக்கு நந்திதா என்று பெயர் வைத்தார். பெயரிலேயே எனக்கு ஒன்று குறைந்துதான் கிடைத்தது என்று நான் பல நாள் நினைத்ததுண்டு. இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. நான் பொறாமைக்காரன். மனதுக்குள்ளேயே வைத்துப் புழுங்குகிற வகை இல்லை, சாப்பாட்டுத் தட்டு முன்னால் உட்கார்ந்து வாய்விட்டுச் சொல்கிற வகை.

இரண்டு பேருக்கும் ஒரே தொழில். மோட்டார் பம்புக்கு வேண்டிய பாடி, மூடி, விசிறி எல்லாம் இரும்பில் வார்த்து, அவிநாசி ரோட்டில் இருந்த ஒரு பம்பு கம்பெனிக்குக் கிலோ கணக்கில் கொடுப்போம். புதன்கிழமையும் சனிக்கிழமையும் உலை ஏற்றுவோம். இரும்பு உருக்கும் குப்போலா உலையில் கோக் கரியும் இரும்பும் அடுக்கி, காற்றை ஊதிவிட்டால், கூரைக்கு மேலே குழாயில் புகை கிளம்பும். யாருக்கு வேலை இருக்கிறது, யாருக்கு இல்லை என்று கணபதி முழுக்க அந்தப் புகையை வைத்துத்தான் தெரிந்துகொள்வார்கள். டீக்கடையில் உட்கார்ந்தபடியே யார் நன்றாக இருக்கிறார்கள் என்று சொல்லிவிடலாம்.

தொண்ணூற்றாறில் ஆனி மாதம் கம்பெனியிலிருந்து கூப்பிட்டார்கள். கொள்முதல் பார்ப்பவர் கோவிந்தராஜுலு என்று ஒரு நாயுடு. அதட்டிப் பேசாதவர், அதனால் அவர் சொல்வதை மறுப்பதும் கஷ்டம். வெயில் காலம் முடிந்துவிட்டது, பம்பு விற்பனை படுத்துவிட்டது, குடோனில் சரக்கு தேங்கிக் கிடக்கிறது என்றார். அதுவரை கிலோ இருபத்தொன்று கொடுத்தவர் இனிமேல் பதினெட்டரைதான் என்று சொல்லிவிட்டார்.

நான் வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். எல்லாம் சேர்த்து எனக்குக் கிலோ இருபது ரூபாய் அடக்கம். பதினெட்டரைக்குக் கொடுத்தால் கிலோவுக்கு ஒன்றரை ரூபாய் கையிலிருந்து போகும். மாதம் எட்டு டன் ஊற்றுகிறேன், பன்னிரண்டாயிரம் நஷ்டம்.

"பன்னெண்டாயரம் நட்டத்துக்கு எவனாச்சு தொழில் பண்ணுவானா? நிறுத்திப்போட்டேன்," என்று சென்னியம்மாளிடம் சொன்னேன்.

"நல்லா ரோசன பண்ணித்தான் சொல்றீங்களா?"

"ரோசன பண்ண என்ன இருக்குது? நட்டம்னா நட்டந்தானே."

மறு புதன்கிழமை நான் உலை ஏற்றவில்லை. கொட்டகையில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். பக்கத்தில் அருள்குமாரும் நிறுத்தியிருப்பான், மாலையில் இரண்டு பேருமாக உட்கார்ந்து கம்பெனிக்காரனைத் திட்டலாம் என்று ஆசையாகத்தான் இருந்தேன். பதினொரு மணிக்குச் சுவருக்கு அந்தப் பக்கம் ஊதுகாற்று இரைச்சல் கேட்டது. வெளியே வந்து அண்ணாந்து பார்த்தேன். அவன் குழாயில் புகை.

அதைப் பார்த்ததும் எனக்கு வயிறு எரிந்தது. எனக்குக் கட்டாத வேலை அவனுக்கு எப்படிக் கட்டுகிறது? ஒரே கம்பெனி, ஒரே விலை, ஒரே கொட்டகைக்காரருக்கு ஒரே வாடகை. நாங்கள் வங்கியில் வாங்கியதும் ஒரே அளவு கடன். அப்படியிருக்க அவன் மட்டும் எப்படி ஊற்றுகிறான்? கோவிந்தராஜுலு அவனுக்குத் தனியாக ஒரு விலை போட்டுக் கொடுத்திருக்க வேண்டும், இல்லையென்றால் மாமனார் தேங்காய் விற்ற பணத்தை இளைய மருமகனுக்கு மட்டும் தள்ளியிருக்க வேண்டும். இரண்டையும் மாற்றி மாற்றி நினைத்து நினைத்து நான் இளைத்துப் போனேன்.

அடுத்த சனிக்கிழமையும் புகை. அதற்கடுத்த வாரம் ரசாக் அந்தப் பக்கம் போய்விட்டார். ரசாக் பாய் மண்ணில் அச்சு எடுப்பதில் கணபதியிலேயே பெரிய கை. அவர் எடுத்த அச்சில் ஓட்டை விழுந்து நான் பார்த்ததில்லை. பத்து வருஷம் என்னிடம் இருந்தவர்.

"மொதலாளி, எனக்குப் பீசுக்குத்தான் கூலி. நீங்க ஊத்துனாத்தான் எனக்குச் சோறு. கோவிச்சுக்காதீங்க. நீங்க ஆரம்பிக்கறப்ப ஒரு வார்த்த சொல்லுங்க, வந்தர்றேன்," என்று சொல்லிவிட்டுத்தான் போனார். சொல்லிவிட்டுப் போனதுதான் எனக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது. சொல்லாமல் போயிருந்தால் திட்டவாவது செய்திருக்கலாம்.

இப்படியே ஆனி போய் ஆடியும் முடிந்தது. நான் உளவு பார்க்க ஆரம்பித்தேன். அவனுக்குக் கோக் லாரி எத்தனை வருகிறது என்று எண்ணினேன். அவன் கொட்டும் கசடு எத்தனை கூடை என்று பார்த்தேன். நந்திதா புதுப் புடவை கட்டியிருக்கிறாளா என்று சென்னியம்மாளைக் கேட்டேன்.

"அவ பழைய சீலையத்தான் கட்டியிருந்தா. நீங்க ஏனுங்க இப்பிடிப் பொம்பளையாட்டம் சீலையெல்லாம் விசாரிக்கறீங்க?" என்றாள். 

எனக்கோ மாதம் முப்பத்திரண்டாயிரம் போய்க்கொண்டிருந்தது. கொட்டகை வாடகை, வங்கி வட்டி, கரண்டு போர்டுக்குக் குறைந்தபட்சக் கட்டணம், வாட்ச்மேனுக்கும் கிளார்க்குக்கும் சம்பளம். உலை எரிந்தாலும் எரியாவிட்டாலும் இதெல்லாம் வந்து நிற்கும். பன்னிரண்டாயிரம் நஷ்டத்துக்குப் பயந்து நிறுத்தியவன் முப்பத்திரண்டாயிரத்தை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன் என்பது எனக்கு உறைக்கவே இல்லை. என் கண் முழுக்க மேலே இருந்தது, அவன் குழாயில்.

ஆவணி முதல் வாரம் பொறுக்க முடியாமல் அந்தப் பக்கம் போனேன். ரசாக்கை இழுத்துக்கொண்டதைப் பற்றிச் சண்டை போடுவது என்று தீர்மானித்துத்தான் போனேன். அருள்குமார் கம்பெனிக்குப் போயிருந்தான். மேசையில் நந்திதா உட்கார்ந்து சரக்குச் சீட்டு எழுதிக்கொண்டிருந்தாள். பி.காம். படித்தவள். பவுண்டரிப் புழுதியில் பொம்பளைக்கு என்ன வேலை என்று நான் முன்பு சொன்னதுண்டு.

"வாங்க மாமா, உக்காருங்க. டீ சொல்லட்டுங்களா?"

"டீயெல்லாம் வேண்டாம் அம்மணி. ஒண்ணே ஒண்ணு சொல்லு. உங்குளுக்கு மட்டும் என்ன வெல தர்றாங்க?"

"பதினெட்டரைங்க. உங்குளுக்குச் சொன்னதேதானுங்க."

"அப்பறம் எப்பிடிக் கட்டுது?"

"எங்கீங்க மாமா கட்டுது? மாசம் பன்னெண்டாயரம் நட்டமுங்க."

 நஷ்டமா? இரண்டு மாதமாக நான் தூக்கமில்லாமல் பார்த்துக்கொண்டிருந்த புகை நஷ்டப் புகையா?

"நட்டத்துக்கு ஏன் கண்ணு ஊத்தறீங்க?"

அவள் எழுந்து போய்ச் சுவரைக் காட்டினாள். நாட்காட்டிக்குப் பக்கத்தில் சுண்ணாம்புக் கட்டியால் பெரிதாக 16 என்று எழுதியிருந்தது.

"மாமா, ஒரு கிலோ ஊத்துனா நம்ம கையவிட்டுப் புதுசாப் போறது எவ்வளவுங்க? இரும்பு பத்தரை, கரி ஒண்ணரை, அச்சுக் கூலி, தட்டற கூலி மூணு, மண்ணு, சுண்ணாம்புக்கல்லு, கரண்டு யூனிட்டு ஒரு ரூவா. ஆக மொத்தம் பதினாறுங்க. ஊத்தாட்டி இது போகாது. இருவதுல மிச்சம் நாலு ரூவா இருக்குதில்லீங்களா, வாடக, வட்டி, சம்பளம், அது ஊத்துனாலும் போகும், ஊத்தாட்டியும் போகும். அப்ப அதெ எதுக்குங்க இப்பப் பாக்கோணும்? பதினெட்டரைக்கு ஊத்துனா, பதினாறு போக ரெண்டரை ரூவா மிஞ்சுது. எட்டு டன்னுக்கு இருவதாயரம். முப்பத்திரெண்டாயரத்துல அந்த இருவதாயரத்தக் கழிச்சா நட்டம் பன்னெண்டு. நிறுத்திப்போட்டா முழுசா முப்பத்திரெண்டும் நம்ம தலைமேல."

"அப்ப காலம் பூரா நட்டத்துலயே ஓட்டுவீங்களா?"

"இல்லீங்க மாமா. கொட்டக வாடக அக்ரிமென்ட் வர்ற பங்குனில முடியுதில்லீங்களா. அதுக்குள்ள வெல இருவதுக்கு மேல ஏறலீன்னா அக்ரிமென்ட்டப் புதுப்பிக்காம, சாமானத்த வித்துக் கடனக் கட்டிப்போட்டு மூடிருவம். அதுக்கு முன்னாலயே பதினாறுக்குக் கீழ போயிருச்சுன்னா அன்னிக்கே உலைய நிறுத்திருவம். அப்ப ஊத்தற ஒவ்வொரு கிலோவும் அந்த முப்பத்திரெண்டாயரத்துக்கு மேல இன்னும் நட்டந்தானுங்க. அதனாலதான் செவுத்துல எழுதிப்போட்டங்க."

இவ்வளவும் அவள் சொன்னாள், எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஆனால் அன்றைக்கு என் மனதில் போய் உட்கார்ந்தது ஒன்றே ஒன்றுதான். அவர்களுக்கும் நஷ்டம். வெளியே வந்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. அன்று வீட்டில் சென்னியம்மாள் ஊற்றிய தோசை எட்டு சாப்பிட்டேன்.

"என்னங்க, இன்னைக்கு மூஞ்சி இப்பிடி மலந்து கெடக்குது?"

"அருளும் நட்டத்துலதான் ஓட்டறான். அவனால நட்டப்பட முடியுதுன்னா என்னால முடியாதா? நாளைக்கே ரசாக்குக்கு ஆளனுப்பறேன்."

தொழில் திரும்ப ஆரம்பித்ததற்கு நான் கண்ட காரணம் இதுதான். காரணம் தப்பு, செய்தது மட்டும் சரி. ரசாக்கும் சொன்னபடி திரும்பி வந்தார். ஆவணி, புரட்டாசி இரண்டு மாதமும் இரண்டு குழாயிலும் புகை வந்தது. அவனுக்கும் பன்னிரண்டாயிரம் நஷ்டம், எனக்கும் பன்னிரண்டாயிரம் நஷ்டம். என் வாழ்க்கையில் அவ்வளவு நிம்மதியாக நான் நஷ்டப்பட்டதில்லை.

ஐப்பசியில் நல்ல மழை. கிணறெல்லாம் நிரம்பி வழிந்தது, பம்பு வாங்க யார் வருவார்கள்? கோவிந்தராஜுலு எங்கள் இரண்டு பேரையும் ஒன்றாகக் கூப்பிட்டார்.

"குடோன்ல நிக்க எடமில்லீங்க. இப்பப் பதினஞ்சுக்கு மேல என்னால போட முடியாது. முடிஞ்சவங்க ஊத்துங்க. முடியாதவங்கள நான் தப்பா நெனைக்கமாட்டேன். தையோ மாசியோ பாக்கலாம்."

அருள்குமார் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "அப்ப நாங்க நிறுத்திக்கறமுங்க," என்று எழுந்துவிட்டான்.

அவன் எழுந்ததைப் பார்த்ததும் எனக்குள் என்னவோ துள்ளிற்று. நான்கு வருஷமாக அவன் கொட்டகைக்குப் பிறகுதான் என் கொட்டகை என்று எல்லோரும் பேசினார்கள். இதோ அவன் விலகுகிறான், நான் நிற்கிறேன்.

"நான் ஊத்தறனுங்க. அவரு பங்கயும் சேத்துக் குடுத்தாலும் ஊத்தறேன்," என்றேன்.

"இப்போதைக்கு உங்க எட்டு டன்னே போதுமுங்க," என்றார் கோவிந்தராஜுலு.

வெளியே ஸ்கூட்டரை எடுக்கும்போது அருள்குமார் என் கையைப் பிடித்தான். "அண்ணா, பதினஞ்சுக்கு ஊத்தாதீங்கண்ணா. நிறுத்துனா முப்பத்திரெண்டு போகும். ஊத்துனா நாப்பது போகும். மூணு மாசம் பொறுத்துக்குங்க."

இதை அவன் அக்கறையோடுதான் சொல்லியிருக்க வேண்டும். எனக்கு அப்படிக் கேட்கவில்லை. பார், இவனுக்கு இப்போதே எரிய ஆரம்பித்துவிட்டது என்றுதான் கேட்டது.

"நீ பொறுத்துக்க அருளு. எனக்கு ஒரு வழி இருக்குது," என்றேன்.

வழி இருக்கத்தான் செய்தது. என் கொட்டகைக்குப் பின்னால் காலியிடத்தில் பன்னிரண்டு டன் பழைய இரும்பு கிடந்தது. வருஷக்கணக்காகச் சேர்ந்தது. ஓட்டை விழுந்து கம்பெனி திருப்பிய பாடிகள், உடைந்த மோட்டார்கள், அச்சுமேல் பாரம் வைக்கிற இரும்புக் கட்டிகள். எப்போதோ காசு கொடுத்து வாங்கியது, இப்போது அதற்கு என்ன விலை? சொந்த இரும்பு, சும்மா கிடக்கிற இரும்பு. பாதிக்கு வெளியே வாங்குவது, பாதிக்கு இதைப் போடுவது என்று வைத்துக்கொண்டால், என் கணக்கில் கிலோவுக்குப் பதினாறு இல்லை, பத்தே முக்கால்தான் போகும். பதினைந்துக்கு ஊற்றினால் நாலே கால் மிஞ்சும். எட்டு டன்னுக்கு முப்பத்து நாலாயிரம். முப்பத்திரண்டாயிரம் செலவு போக, மாதம் இரண்டாயிரம் லாபம்!

லாபம். அவன் மூடிவிட்டுப் போன விலையில் எனக்கு லாபம். அந்தக் காகிதத்தை நான் சட்டைப்பையில் ஒரு வாரம் வைத்திருந்தேன்.

அந்த இரும்பை ஒரு லாரியில் ஏற்றி உக்கடம் கொண்டுபோயிருந்தால், பழைய இரும்புக் கடைக்காரர்கள் நான் வெளியே வாங்குகிற அதே விலைக்கு எடுத்திருப்பார்கள். சும்மா கிடந்தது என்று நான் சொன்னேனே தவிர, அதுவும் பணம்தான். கிலோவுக்குப் பத்தரை ரூபாய் பெறுகிற பொருளை உலையில் போட்டு, கரிக்கும் கூலிக்கும் அழுதது போக ஒன்பதரை ரூபாயாக வெளியே எடுத்துக்கொண்டிருந்தேன். வாங்கிப் போட்டாலும் சொந்தத்தில் போட்டாலும் பதினாறு பதினாறுதான். இது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

அந்த ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மூன்று மாதமும் நான் ராஜா மாதிரி இருந்தேன். புதனும் சனியும் சந்திலேயே ஒரு குழாயில்தான் புகை, அது என் குழாய். உலை ஏற்றியதும் டீக்கடைக்குப் போய், மேற்கே அவன் வெறுங்குழாய் தெரிகிற பெஞ்சில்தான் உட்காருவேன். "தம்பித்தொரை மட்டும் எப்பிடியோ ஓட்டறாரு பாரு," என்று என்னைப் பற்றி இரண்டு பேர் பேசியதை என் காதால் கேட்டேன். அதைக் கேட்பதற்காகவே இன்னொரு டீ வாங்கினேன். அருள்குமார் கைலியைக் கட்டிக்கொண்டு தன் அச்சுப் பெட்டிகளைத் துடைத்து எண்ணெய் தடவி வரிசையாக அடுக்கிக்கொண்டிருப்பான். உலையின் உள்பக்கச் செங்கல்லைப் பிரித்துப் புதிதாகக் கட்டினான். வேலை இல்லாதவன் வேறென்ன செய்வான் என்று நினைத்துக்கொள்வேன்.

தீபாவளிக்குச் சென்னியம்மாளுக்கு ஒரு வளையல் வாங்கினேன். "நந்திதா வர்றப்பப் போட்டுக்க," என்றேன்.

"அவ பாக்கறதுக்கா எனக்கு வளையலு?" என்று கேட்டாள். ஆனாலும் போட்டுக்கொண்டாள்.

மார்கழிக் கடைசியில் பின்னால் இருந்த இரும்பு தீர்ந்துவிட்டது. தரை தெரிந்தது. வெளியே முழுக்க வாங்கினால் கணக்கு உதைக்கும் என்று எனக்கே தெரிந்தது. அன்று நான் நிறுத்தியிருக்க வேண்டும். சுவருக்கு அந்தப் பக்கம் அருள்குமார் இருந்தான். நான் நிறுத்தினால் அவன் அண்ணாந்து பார்ப்பான், என் குழாயில் புகை இல்லை என்று தெரிந்துகொள்வான். அதை நினைக்கவே எனக்குப் பிடிக்கவில்லை.

கொட்டகையில் நூற்று அறுபது அச்சுப் பெட்டிகள் இருந்தன. மேலும் கீழுமாக இரண்டு பாதி, நடுவில் மண்ணை இறுக்கி, அச்சு எடுத்து, உருகிய இரும்பை ஊற்றுவதற்கான பெட்டிகள். எல்லாம் வார்ப்பிரும்பு, ஒவ்வொன்றும் நாற்பது கிலோ. முதலில் நின்றுபோன மாடல்களுக்கான பெட்டிகளை உடைக்கச் சொன்னேன். அது முப்பது. பிறகு எப்போதாவது வேண்டியிருக்கும் பெட்டிகள். அது நாற்பது. தை நடுவில் ஓடுகிற மாடல் பெட்டிகளைக் காட்டினேன்.

ரசாக் பாய் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டார்.

"மொதலாளி, இது நாளைக்கு அச்சு எடுக்கற பொட்டிங்க. இதெ ஒடச்சுப்போட்டு எதுலீங்க ஊத்துவீங்க?"

"எட்டு டன்னுக்கு எதுக்கு பாய் இத்தன பொட்டி? இருக்கறதையே திருப்பித் திருப்பிப் போட்டுக்கலாம். சீசன் வந்தா காசு வரும், புதுசு பண்ணிக்கலாம்."

"சோத்துக்கில்லீன்னு சட்டிய ஒடச்சு அடுப்புல வெக்கறீங்க. எனக்கென்னுங்க, சொல்லோணும்னு தோணுச்சு, சொல்லிப்போட்டேன்."

அவரே உடைக்கவில்லை. வேறு ஆளை வைத்து உடைத்தேன். நான் சொன்னது போலவே இருக்கிற பெட்டிகளையே திருப்பித் திருப்பிப் போட்டு ஊற்றினார்கள். எட்டு டன் ஆறாகி, ஆறு நாலாயிற்று. அதனால் என்ன, புகை புகைதானே. கீழேயிருந்து பார்க்கிறவனுக்கு நாலு டன் புகையா எட்டு டன் புகையா என்று தெரியாது. தை முடியும்போது கொட்டகையில் முப்பது பெட்டிகள் மிச்சம் இருந்தன.

மாசி ஐந்தாம் தேதி கோவிந்தராஜுலு ஃபோன் செய்தார். குரலே மாறியிருந்தது.

"வெயில் முன்னாடியே ஆரம்பிச்சிருச்சு, கெணறெல்லாம் கீழ போகுது. குடோன் காலிங்க. இருபத்திரெண்டு ரூவா போட்டுத் தர்றேன். மாசம் பன்னெண்டு டன் வேணும், உங்குளால முடியுங்களா? நீங்க மழையிலயும் விடாம ஊத்துனவரு, அதனால மொதல்ல உங்குளக் கூப்புட்டேன்."

முதலில் என்னைக் கூப்பிட்டார். இந்த வார்த்தைக்காகத்தானே நான்கு மாதம் உலை எரிந்தது. ஃபோனைக் கையில் வைத்தபடி கொட்டகையைத் திரும்பிப் பார்த்தேன். முப்பது பெட்டிகள். அதில் மாதம் மூன்று டன் ஊற்றலாம். மூன்று டன்னில் வரும் மிச்சம் வாடகைக்கும் வட்டிக்கும் எந்த மூலைக்கு?

"நாளைக்குச் சொல்றனுங்க," என்று வைத்துவிட்டேன்.

ஊரெல்லாம் பெட்டி கேட்டு அலைந்தேன். அவரவர் பெட்டி அவரவருக்கு வேண்டும், சீசன் அல்லவா. புதிதாக வார்த்துக் கடைந்து பொருத்தித் தர இரண்டரை மாதம் ஆகும் என்றார்கள். அதற்குள் சீசன் போய்விடும், பங்குனியில் வாடகை ஒப்பந்தமும் முடிந்துவிடும். அந்தப் புதன்கிழமை பதினொரு மணிக்குச் சுவருக்கு அந்தப் பக்கம் ஊதுகாற்று இரைந்தது. நான் வெளியே போய்ப் பார்க்கவில்லை. பார்க்க வேண்டிய அவசியமில்லை.

மதியம் ரசாக் வந்தார். வாசலில் செருப்பைக் கழற்றாமலேயே நின்றார்.

"மொதலாளி, அங்க ஆள் கேக்கறாங்க."

"போங்க பாய். கேக்கோணுமா?" என்றேன்.

மாலையில் நானே அந்தப் பக்கம் போனேன். கூச்சமாகத்தான் இருந்தது. சுவரில் பதினாறு அப்படியே இருந்தது. எண்ணெய் தடவிய பெட்டிகள் மண் நிரம்பி வரிசையாகக் கிடந்தன, நடுவில் சிவந்த இரும்பு ஆறிக்கொண்டிருந்தது. அருள்குமார் என்னைப் பார்த்ததும் எழுந்து வந்தான்.

"அண்ணா, என்றகிட்ட எச்சாப் பொட்டி இல்லீங்கண்ணா. எல்லாத்துலயும் மண்ணு போட்டாச்சு," என்றான். நான் கேட்கும் முன்பே சொன்னான்.

"தெரியும். அதுக்கு வல்ல. உன்னெ ஒண்ணு கேக்கோணும். பங்குனியோட என் பக்கத்துக் கொட்டகய நீயே எடுத்துக்கறயா? உலையும் அதோட இருக்கட்டும். வெலையச் சொல்லு, கடனக் கட்டிப்போட்டு நான் ஒதுங்கிக்கறேன்."

 அவன் எனக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டான். நியாயமான விலைதான் சொன்னான், நான் எதிர்பார்த்ததைவிடக் கூடுதலே. அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை.

எழுந்து கிளம்பும்போது அவனே சொன்னான்.

"அண்ணா, ஒண்ணு சொன்னா தப்பா எடுத்துக்காதீங்க. அந்த நாலு மாசமும் உங்க பொகையப் பாத்துப் பாத்து எனக்கு நெஞ்செரிச்சலே வந்துருச்சுங்கண்ணா. அவரால முடியுது, நம்மால முடியலியேன்னு ரெண்டு தடவ கரியே அடுக்கிப்போட்டேன். நந்திதாதான் கையப் புடிச்சு இழுத்துட்டு வந்து இந்தச் செவுத்துக்கு முன்னால நிறுத்துனா. எரியறதுன்னா எரியட்டும், உலைய மட்டும் பத்தவெக்காதீங்கன்னா. அந்த நம்பரு மட்டும் இல்லீன்னா நானும் பத்தவெச்சிருப்பேன்."

நான் வெளியே வந்தேன். உண்மையைச் சொல்ல வேண்டும். தொழில் போயிற்று, கொட்டகை போயிற்று, பத்து வருஷம் இருந்த ரசாக் போய்விட்டார். ஆனாலும் வீட்டுக்கு நடந்து போகிற வழியெல்லாம் எனக்குள் ஒரு சந்தோஷம் ஊறிக்கொண்டே வந்தது. அவனும் என்னைப் பார்த்து எரிந்திருக்கிறான். நான்கு மாதம் முழுசாக எரிந்திருக்கிறான்.

சென்னியம்மாள் அடுப்படியில் இருந்தாள். செருப்பைக்கூடக் கழற்றாமல் அவளிடம் போய்ச் சொன்னேன்.

"கேட்டயா? அருளுக்கு என்றமேல பொறாமையாம். என்ற பொகையப் பாத்து நெஞ்செரிச்சலாம். அவன் வாயாலயே சொன்னான்."

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். கையிலிருந்த வளையலைக் கழற்றி மேடைமேல் வைத்தாள்.

"எரிஞ்சது அவருக்குத்தானுங்க," என்றாள். "உருகிப் போனது நம்ம பொட்டி."